மாஸ்டருக்கு அஞ்சு நிமிஷம்

எங்க சபையில கொயர் மாஸ்டர் ஓய்வு பெறுற ஞாயித்துக்கிழம பாடகர் குழு சார்பா யாராவது ஒருத்தர் பேசணும்னு ஐயர் சொன்னப்ப எல்லாரும் ஒரே நேரத்துல என்னையத் திரும்பிப் பாத்தாங்க. அத்தன பேரும் சேந்து ஒரே டைமிங்ல ஒரு காரியத்த செய்றது எங்க கொயர்ல அபூர்வம், மாஸ்டர் பக்கத்துல இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு.

குடுத்த நேரம் அஞ்சு நிமிஷம். அறிவிப்பு வாசிச்ச பிறகு, காணிக்கப் பாட்டுக்கு முந்தி. அன்னைக்கு திருவிருந்து ஆராதனை வேற, அதாவது நான் மைக்க பிடிச்சு நிக்கிற இடத்துக்குப் பின்னாடி மேசையில வெள்ளத்துணி போட்டு மூடி அப்பமும் ரசமும் இருக்கும், அத வச்சிக்கிட்டு கல்லூரி ஆண்டு விழாவுல பேசுற மாதிரி பேச முடியாது. அதுக்காக சிரிப்பே இல்லாம பேசுனா மாஸ்டருக்குப் பொருந்தாது, அவரு பிராக்டிஸ்ல அடிச்ச கமெண்டுக்கு சிரிச்சு சிரிச்சே பாதி பேரு டயஃப்ராம்னா எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சோம். (பாளையங்கோட்டை பக்கத்து சபை, அதனால மாஸ்டர் பேச்சுல 'ஏல' அதிகமா வரும், அத நான் திருத்தல.)

முதல்ல எழுதுனதுல பாதியத் தூக்கிட்டேன். எதத் தூக்குனேன்னு சொல்றேன், நாளைக்கு உங்க சபையிலயும் இந்த வேலை உங்க தலையில விழலாம்.

முதல்ல போனது பரலோக ஜோக். 'பரலோகத்துல தேவதூதர்கள் கொயர்ல டெனர் பத்தலையாம், மாஸ்டரக் கேட்டு ஆள் அனுப்பியிருக்காங்க'ன்னு ஒண்ணு எழுதி நானே சிரிச்சிக்கிட்டேன், அப்புறம் சத்தமா வாசிச்சுப் பாத்தாதான் தெரியுது, எழுபது தாண்டுன மனுஷன முன்னால உக்கார வச்சிக்கிட்டு அவரு எப்ப போவாருன்னு கேக்குற மாதிரி இருக்கு. கோயில்ல இந்த வகை ஜோக் ரொம்ப சுலபமா வரும், எல்லா வழியனுப்பு கூட்டத்துலயும் ஒருத்தராவது சொல்லுவாங்க, சிரிப்பும் வரும், ஆனா முன் வரிசையில உக்காந்திருக்கிற அவங்க வீட்டம்மா முகத்தப் பாருங்க. அடுத்து போனது பிரசங்கம் நீளமா இருக்குங்குற ஜோக். இது ஐயரக் கிண்டல் பண்றது, வழியனுப்புறது மாஸ்டர, ரெண்டும் வேற. மூணாவது, மாஸ்டருக்கும் பழைய கமிட்டிக்கும் கீபோர்ட் வாங்குன விஷயத்துல நடந்த சண்டை. அது ஊருக்கே தெரியும், தெரிஞ்சதுனாலயே சொல்லக்கூடாது.

மிச்சம் இருந்தத எடுத்துக்கிட்டு சனிக்கிழம சாயங்காலம் டீச்சரம்மாட்ட போனேன். டீச்சரம்மான்னா மாஸ்டர் வீட்டம்மா. மாஸ்டர் கடைக்குப் போயிருந்தாரு. அவங்க கண்ணாடிய மாட்டிக்கிட்டு பொறுமையா வாசிச்சிட்டு ரெண்டு இடத்துல பென்சிலால கோடு போட்டாங்க. ஒண்ணு அவரு காது பத்தி நான் எழுதியிருந்த வரி. "இது வேண்டாம்பா, அவுக அதுக்காகத்தான விடுறாக." விஷயம் என்னன்னா, சோப்ரானோ சுருதி இறங்குறது முன்னாடில்லாம் ரெண்டாவது வரியிலயே அவருக்குத் தெரிஞ்சிரும், இப்ப பாட்டு முடிஞ்சு கீபோர்ட்ல தொட்டுப் பாத்தாதான் தெரியுதுன்னு டீச்சரம்மாட்ட சொல்லியிருக்காரு, அதச் சொன்ன அதே வாரம் கமிட்டிக்கு லெட்டர் குடுத்திருக்காரு. எங்க யாருக்கும் அது தெரியாது. நாங்க எல்லாம் வயசாயிட்டு, போதும்னு விடுறாருன்னு நெனச்சிட்டு இருந்தோம்.

இன்னொரு கோடு முழங்கால் ஜோக்குக்கு. அதுக்குப் பக்கத்துல 'இத முதல்ல சொல்லு'ன்னு எழுதியிருந்தாங்க.

அப்ப எனக்குப் புரிஞ்சது இதுதான்: அவரு பெருமப்படுற விஷயத்துல எவ்வளவு வேணும்னாலும் கிண்டல் பண்ணலாம், அவரு உள்ளுக்குள்ள வச்சிருக்கிறதத் தொடக்கூடாது. முழங்கால் வலிய அவரு எல்லார்ட்டயும் சொல்லுவாரு, காத யார்ட்டயும் சொல்லல.

இனி பேசுனது. கையில பேப்பர் இருந்துச்சு, ஆனா நடுவுல நடுவுல வேற மாதிரியும் வந்துச்சு, ஞாபகம் இருக்குற மட்டும் அப்படியே போடுறேன்.

"சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பாடகர் குழு சார்புல பேசுறேன். பாடகர் குழுன்னா நாலு பார்ட்டு, எல்லாரும் ஒரே கருத்துல இருக்கோம்னு சொன்னா ஐயரே நம்ப மாட்டாங்க, ஆனா மாஸ்டர் விஷயத்துல இருக்கோம்.

மாஸ்டருக்கு முழங்கால் தேய்மானம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. எதுனால தேஞ்சுதுன்னு டாக்டர் கேட்டாங்களாம். அதுக்கு நாங்க சாட்சி சொல்றோம். பாதி ஜெபத்துல தேஞ்சது. மீதி பாதி ட்யூனிங் ஃபோர்க்ல தேஞ்சது."

இந்த இடத்துல முதல் சிரிப்பு பெண்கள் பக்கத்துல இருந்து வந்துச்சு, டீச்சரம்மாதான். அவங்க சிரிச்சப்புறம் சபையே சிரிச்சிச்சு, யாருக்கும் பயம் இல்ல. கொயர் பக்கம் வராதவங்களுக்காக: எங்க சபையில நோன்பு நாட்கள்ல வாத்தியம் இல்லாமலே பாடுவோம், அப்ப சுருதி எடுக்க மாஸ்டர் சட்டப் பைக்குள்ள இருக்குற ஃபோர்க்க எடுத்து முழங்கால்ல ஒரு தட்டு தட்டி காதுகிட்ட வைப்பாரு. அது எப்பவும் ஒரே ஸ்வரம்தான் குடுக்கும், ஏ, செகண்டுக்கு 440 அதிர்வு. பாட்டு எந்த சுருதியில இருக்கோ அதுக்கு ஏத்தபடி அதுல இருந்து அவரு மனசுக்குள்ள எண்ணி பாட்டோட ஆதார ஸ்வரமான டோவுக்கு வருவாரு. பாட்டு டி மேஜர்ல இருந்தா ஃபோர்க் குடுக்குறது சோ, எஃப்ல இருந்தா அதே சத்தம் மி, ஜியில இருந்தா ரே. சபையார் பாமாலையில பக்கம் தேடுற நேரத்துக்குள்ள இவரு இத முடிச்சு நாலு பார்ட்டுக்கும் 'ம்ம்' 'ம்ம்'னு ஆரம்ப ஸ்வரத்தக் குடுத்திருப்பாரு. நான் டெனர், எனக்கு அந்த 'ம்ம்' கிடைக்கிற வரைக்கும் என் பேரே மறந்த மாதிரி இருக்கும்.

"மாஸ்டர் எங்களுக்கு சோல்ஃபா சொல்லிக் குடுத்தாங்க. இங்க இருக்குற பெரியவங்களுக்கு மிஷன் பள்ளிக்கூடத்துலயே அது தெரியும், எங்க தலைமுறைக்கு அந்த கோலனும் கோடும் ஏதோ ரயில்வே டைம்டேபிள் மாதிரி இருந்துச்சு. முதல் நாள் மாஸ்டர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். ஏல, ஸ்வரத்துக்குப் பிறகு கோடு இருந்தா பிடிச்சிட்டு இரு. காலியா இருந்தா வாய மூடு. அம்புட்டுதான் சோல்ஃபா.

ஊர்ல எல்லா பாட்டு வாத்தியாரும் வாயத் திறன்னு சொல்லிக் குடுப்பாங்க. நம்ம மாஸ்டர் வாய மூடச் சொல்லிக் குடுத்தாங்க. கொயர்ல சேந்த பிறகு வீட்டுலயும் கொஞ்சம் அமைதி வந்திருக்குன்னு சில வீட்டுல இருந்து ரிப்போர்ட் வந்திருக்கு."

சோல்ஃபான்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்த. இங்கிலாந்துல 19ஆம் நூற்றாண்டுல ஜான் கர்வன்னு ஒரு போதகர் பரப்புன முறை, அவருக்கு முன்னாடி சாரா குளோவர்னு ஒரு டீச்சர் போட்ட அஸ்திவாரம். அஞ்சு கோடும் முட்டையும் போட்ட ஸ்டாஃப் நொட்டேஷன் இல்லாம வெறும் எழுத்துலயே எழுதிரலாம், டைப் அடிக்கலாம், கரும்பலகையில போடலாம், அதனாலதான் மிஷனரிங்க போன இடத்துக்கெல்லாம் அது போச்சு. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவுல கோலன், ஸ்வரம் நீளுறதுக்கு சின்னக் கோடு, மௌனத்துக்கு ஒண்ணுமே கிடையாது, அந்த இடம் சும்மா காலியா கிடக்கும். ஸ்டாஃப்ல மௌனத்துக்குன்னு தனிக் குறி இருக்கு, கண்ணு அதுல முட்டி நிக்கும். இதுல முட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல, அதனால புதுசா வந்தவங்க அந்தக் காலியிடத்த தாண்டிப் போயிருவாங்க. எங்க கொயரோட முக்கால்வாசி விபத்து நடந்தது அந்தக் காலியிடத்துலதான், அதுல பெருசு அல்லேலூயா கோரஸ்.

ஹாண்டல் எழுதுனது, 1742 ஏப்ரல்ல டப்ளின்ல முதல்ல பாடுனது. பாட்டக் கேட்டு லண்டன்ல ராஜா எழுந்து நின்னாருன்னு ஒரு கத உண்டு, அந்தக் காலத்து ஆதாரம் ஒண்ணும் அதுக்குக் கிடையாது, ஆனாலும் எல்லாரும் எந்திரிக்கிறோம். மாஸ்டர்ட்ட கேட்டப்ப "ராஜா நின்னாரோ நிக்கலையோ, நீ நிமிந்து நில்லு, கூன் போட்டா மூச்சு வராது"ன்னுட்டாரு. அந்தப் பாட்டு முடியுற இடம் இருக்கே, அல்லேலூயா அல்லேலூயான்னு வேகமா அடுக்கிட்டு வந்து டக்குன்னு நிக்கும். முழு மௌனம். அப்புறம்தான் நிதானமா, அகலமா கடைசி அல்லேலூயா. இறக்கத்துல ஓடி வந்த பஸ்ஸ சடன் பிரேக் போட்டு நிப்பாட்டுற மாதிரிதான், யாராவது ஒருத்தர் சீட்டவிட்டு முன்னாடி வந்துருவாங்க. மாஸ்டர் அதுக்கு பண்ணுன வைத்தியம் என்னன்னா, முதல் ரெண்டு மூணு வாரம் பிராக்டிஸ்ல கடைசி அல்லேலூயாவ பாடவே விடமாட்டாரு. மௌனம் வரைக்கும் பாடு, கையப் பாரு, மூக்கால மூச்சு எடு, கோயில்ல எதிரொலி அடங்குற வரைக்கும் நில்லு, அப்புறம் உக்காரு. அந்தப் பாட்டே அங்கதான் முடியுதுன்னு நம்ப வச்சிட்டு நாலாவது வாரம்தான் மீதியச் சேப்பாரு. எங்களுக்குக் கோவம் கோவமா வரும், அலை வந்து கரை ஏறாம நிக்குற கணக்கா இருக்கும், ஆனா அது வேல செஞ்சிச்சு. ஒரு ஈஸ்டர் தவிர.

"அந்த ஈஸ்டர் உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆள் பேரச் சொல்லமாட்டேன், பேஸ்ல பாடுறாங்க, இப்ப கமிட்டியிலயும் இருக்காங்க, இதச் சொல்ல எழுத்துப்பூர்வமா அனுமதி வாங்கியிருக்கேன். கோயிலே மூச்சப் பிடிச்சிட்டு நிக்குது, அப்ப அண்ணன் மட்டும் தனியா, நல்ல கனத்த குரல்ல, 'ஹா'ன்னாங்க."

சபை சிரிச்சு அடங்க கொஞ்ச நேரம் ஆச்சு. அண்ணனும் எந்திரிச்சு நின்னு ஒரு கும்பிடு போட்டாங்க, அது எழுதுனதுல இல்ல.

"அன்னைக்கு மாஸ்டர் திரும்பிக்கூட பாக்கல. தூக்குன கை தூக்குனபடி அப்படியே நின்னுச்சு. அந்த 'ஹா' முழுசா அடங்குற வரைக்கும் இன்னும் கொஞ்சம் நேரம் கூட்டிப் பிடிச்சாங்க, அப்புறம் நிதானமா எங்கள உள்ள கூப்பிட்டாங்க. முதல் தடவ கேட்டவங்க பாட்டே அப்படித்தான்னு நெனச்சிருப்பாங்க. ஆராதனை முடிஞ்சு அண்ணன் தலையத் தொங்கப் போட்டுட்டு போய் நின்னப்ப மாஸ்டர் சொன்னது, 'சுருதி சரியா இருந்துச்சுல.' அவ்வளவுதான். இன்னைக்கு வர வேற ஒரு வார்த்த சொல்லல. அதுக்குப் பிறகு அந்த அண்ணன் ஒரு பிராக்டிஸ் கூட லீவு போட்டது கிடையாது.

மூச்சு விடுறதுக்கும் மாஸ்டர் இடம் குறிச்சுத் தருவாங்க. பாமாலையில இருக்குற நெறய மெட்டு வேற தேசத்து மெட்டு, நம்ம வார்த்தைக்கு அளவெடுத்து தச்சது கிடையாது, அதனால மெட்டு மூச்சு வாங்குற இடமும் வார்த்த முடியுற இடமும் ஒண்ணா இருக்காது. இரட்சிப்பார்னு ஒரு வார்த்த. நாங்க இரட்-டுன்னு நிறுத்தி மூச்ச இழுத்து சிப்பார்னு பாடுனோம். மாஸ்டர் புக்க மூடிட்டு கேட்டாங்க, 'அந்த சிப்பாரு யாருல? எந்த ஊரு? சேகரத்துல குடும்பக்கார்டு இருக்கா?' இன்னைக்கும் எங்க வாட்ஸ்அப் குரூப் பேரு சிப்பார் குடும்பம்தான்."

இங்கயும் நல்ல சிரிப்பு, ஐயரே குனிஞ்சு சிரிச்சாங்க. இதுல கேலி எங்க மேல, அதனால பயமில்லாம சொல்லலாம். கீர்த்தனை விஷயத்துல மாஸ்டர் இன்னும் கறார், அதப் பத்தி ஒரு பாரா எழுதி வச்சிருந்தேன், நேரம் இல்லாம விட்டுட்டேன், இங்கயாவது சொல்லிர்றேன். கீர்த்தனை புக்ல தலப்புலயே ராகமும் தாளமும் போட்டிருக்கும். சங்கராபரணம்னு இருந்தா நாலு பார்ட்டு போடுவாரு, அது மேஜர் ஸ்கேல் ஸ்வரமேதான், ரெண்டு மூணு ஸ்வரத்த ஒண்ணா அடுக்கிப் பிடிக்கிற கார்டு உக்காரும். தோடின்னு இருந்தா எல்லாரும் ஒரே மெட்டத்தான் பாடணும், ஆல்ட்டோ டெனர் எல்லாம் சும்மா கூட வரணும், ஸ்வரம் வளஞ்சு ஆடுற இடத்துல கீழ ஒரு கார்டப் போட்டு ஆணி அடிச்சா அது தோடியா இருக்காதுன்னுவாரு. ஒரு கல்யாணத்துக்கு வெளியூர்ல இருந்து வந்த கீபோர்ட் தம்பி அந்த மாதிரி ஒண்ணுக்கு கார்டு வாசிச்சப்ப மாஸ்டர் போய் காதுல ஏதோ சொன்னாரு, தம்பி கைய எடுத்துட்டாரு. என்ன சொன்னீங்கன்னு கேட்டதுக்கு "காப்பி குடிச்சிட்டு வாங்கன்னேன்" அப்படின்னாரு.

கடைசி ஒரு நிமிஷத்துக்கு என்ன சொல்றதுங்கறதுலதான் ரொம்ப யோசிச்சேன். சிரிக்க வச்சிட்டு டக்குன்னு அழ வைக்கிறது எனக்குப் பிடிக்காது, நெறய பேரு அதத்தான் பண்றாங்க, குரல் தழுதழுக்க ஒரு இடத்த முன்கூட்டியே குறிச்சு வச்சிக்கிட்டு பேசுவாங்க. நான் ஒரு தகவல மட்டும் சொல்லிட்டு உக்காரலாம்னு முடிவு பண்ணுனேன்.

"ஒரு விஷயம் சபையாருக்குத் தெரியாது, கொயருக்குத்தான் தெரியும். துக்க வீட்டுல பாடப் போனா மாஸ்டர் புக்ல இருக்குற சுருதியில எடுக்க மாட்டாங்க. ஒரு டோன், சில வீட்டுல ஒன்றரை டோன் இறக்கித்தான் எடுப்பாங்க. ஈ-ஃப்ளாட்ல இருக்குற பாட்டு டி-ஃப்ளாட்டுக்கு வரும், சி-க்கும் போகும். எங்க பேஸ்காரங்களுக்கு அது கிணத்துக்குள்ள எறங்குற மாதிரி, கஷ்டம். முதல் தடவ நான் மாஸ்டர்ட்ட கேட்டேன், ஏன் இவ்வளவு இறக்குறீங்க, நமக்கு வரலையேன்னு. மாஸ்டர் சொன்னாங்க, 'பாட்டு நமக்கு இல்லல. அந்த வீட்டுப் பொம்பளைங்க ராத்திரியெல்லாம் அழுது தொண்ட கட்டிப் போயிருப்பாக. மேல போகாது. அவுக கூடச் சேந்து பாடுற மாதிரி எடுக்கணும்.'

இங்க இருக்குற எத்தனையோ வீட்டுல மாஸ்டர் அப்படி எடுத்திருக்காங்க. உங்களுக்கு அது தெரிஞ்சிருக்காது, பாட வந்துச்சுன்னு மட்டும் ஞாபகம் இருக்கும். எங்க வீட்டுக்கும் வந்தாங்க.

மாஸ்டர், டீச்சரம்மா, ரெண்டு பேருக்கும் எங்க ஸ்தோத்திரம். வெள்ளிக்கிழம சாயங்காலம் மாஸ்டர இத்தன வருஷம் எங்களுக்கு விட்டுக் குடுத்ததுக்கு டீச்சரம்மாவுக்கு தனியா ஒரு நன்றி. இனிமே வெள்ளிக்கிழம அவங்க உங்களுக்கு, ஆனா கிறிஸ்மஸ் ரவுண்ட்ஸுக்கு மட்டும் கேட்டு வாங்கிட்டு போவோம்."

உக்காந்துட்டேன். கமிட்டி பொன்னாட போத்துனாங்க. மாஸ்டர் பதில் சொல்ல எந்திரிச்சாரு, மைக்க வாங்குனாரு, எங்க பக்கம் பாத்தாரு. "அஞ்சு நிமிஷம்னாக. ஏழர ஆச்சு. டெம்போ இழுக்குது, நான் இருக்கும்போதே இப்படின்னா" அப்படின்னு நிறுத்திட்டு, சபையாருக்கும் ஐயருக்கும் நன்றி சொல்லிட்டு, காணிக்கப் பாட்டு நம்பர அவரே சொல்லிட்டாரு. அது ஐயர் சொல்ல வேண்டியது, பழக்கம்.

புதுசா பொறுப்பு எடுத்திருக்கிறது எங்க ஆல்ட்டோல பாடுற அக்கா. எங்க சபையில ஒரு பெண் கொயர நடத்துறது இதுதான் முதல் தடவ, மாஸ்டரே லெட்டர்ல அவங்க பேரத்தான் எழுதியிருந்தாரு, ஏன்னு கமிட்டி கேட்டதுக்கு மத்த மூணு பார்ட்டும் தன் பார்ட்டத்தான் கேக்கும், ஆல்ட்டோ மட்டும்தான் எல்லாத்தையும் கேட்டாத்தான் பொழைக்க முடியும்னு சொன்னாராம். டெனர்காரனா எனக்கு இதுல கொஞ்சம் வருத்தம் உண்டு, ஆனா மறுக்கவும் முடியல.

பரிசு விஷயத்துல கமிட்டி சுவர்க்கடிகாரம்னு ஆரம்பிச்சாங்க, அவரு வீட்டுல ஏற்கனவே சபை குடுத்த கடிகாரம் ரெண்டு ஓடிட்டு இருக்கு. அதனால நாங்க அவரு கையால எழுதுன சோல்ஃபா ஷீட் எல்லாத்தையும், கோயில் பீரோல இருந்ததும் எங்க வீடுகள்ல இருந்ததும், சேத்து ஜெராக்ஸ் எடுத்து பைண்ட் பண்ணி அவருக்கு ஒண்ணு, கொயருக்கு ஒண்ணுன்னு முடிவு பண்ணுனோம். பழைய தாள் பொடிஞ்சு போச்சு, சிலதுல கேரல் ரவுண்ட்ஸ் காப்பிக் கறை. பிரச்சினை என்னன்னா அவரு ஃபாவுக்குப் போடுற இங்கிலீஷ் எழுத்தும் டிக்குப் போடுற எழுத்தும் ஒரே மாதிரி கொக்கி, அவரு இருந்தவரைக்கும் பாடிக் காமிச்சிருவாரு, இனி வர்ற பிள்ளைங்க அதப் பாத்து ஃபாவ டியா பாடிட்டா மெட்டே வேற ஊருக்குப் போயிரும். அக்கா போய் ஒருக்கா சரி பாத்துக் குடுங்க மாஸ்டர்னு கட்ட குடுத்துட்டு வந்தாங்க. சிவப்பு பேனாவும் ஃபோர்க்கும் வச்சிக்கிட்டு திண்ணையில உக்காந்து ஒவ்வொரு பக்கமா பாடிப் பாத்து திருத்திட்டு இருக்காரு, சில பாட்டுக்கு பேஸையே மாத்திட்டாராம், இது அப்பவே இப்படி இருந்திருக்கணும்னு. இன்னும் பாதி பாக்கி. பைண்டிங் கடைக்காரர் ரெண்டு தடவ போன் போட்டுட்டாரு.